இருபத்திரண்டு அடி முகப்பு

ஜெபதுரைக்கு யாரையும் நம்பிப் பழக்கம் கிடையாது. முப்பத்தாறு வருசம் ராஜபாளையத்து நூல் மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்த மனுசன். அஞ்சாப்புக்கு மேல் படிக்கவில்லை. மிசின் பொய் சொல்லாது, மிசினைப் பற்றி மேஸ்திரி சொல்றதெல்லாம் பொய்யி என்பதுதான் அவர் படித்த படிப்பு. அதனால் ராம்குமார் இன்ஜினியர் கலர் கலராக ஒரு வீட்டுப் படத்தை மேசையில் விரித்து, "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டபோது, அவர் படத்தைப் பார்க்கவில்லை. இன்ஜினியர் மூஞ்சியைத்தான் பார்த்தார்.

ராம்குமாரின் ஆபீஸ் ராஜபாளையத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கட்டப்போகிற வீட்டுக்கு. தெருவில் நின்று நேருக்கு நேர் பார்த்தால் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று போட்ட முகப்புப் படம். எலிவேசன் என்பார்கள். இடதுபக்கம் கார் நிற்க ரெண்டு தூண் வைத்த போர்டிகோ. நடுவில் வாசல். வலதுபக்கம் ரூமும் அதற்கு ஒரு பெரிய ஜன்னலும். மேலே ஓடு வேய்ந்த மாதிரி கூம்பாக ஒரு சரிவு. தெருவில் ஒரு ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரியும் ஒட்டியிருந்தார்கள்.

மகள் வின்சிக்குப் படம் பிடித்துப்போயிற்று. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். அவளும் மாப்பிள்ளை ஜோவும் போன வருசம்தான் கார் வாங்கியிருந்தார்கள். கல்யாணம் முடிந்து அவள் தனியாக இருந்தாலும், அப்பா கட்டுகிற வீட்டில் கார் நிற்க இடம் வேண்டும் என்று தலைகீழாக நின்றாள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வர வேண்டாமா என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாள்.

ஜெபதுரை இன்ஜினியரிடம் முதல் நாளே ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். தெருவில் வாரவன் எவனாக இருந்தாலும், யாரிடமும் கேட்காமல் வாசல் இதுதான் என்று அவனுக்குத் தெரியணும்.

அதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் மாடிப்படி முன்னால் இருக்கும், வாசல் படிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். வாரவனெல்லாம் நேரே மாடிக்கு ஏறிப்போய் மேல்வீட்டுக் கதவைத் தட்டுவான். மூணு வருசத்துக்கு முந்தி அவர் பெண்சாதி ரோசம்மாள் அடுப்படியில் சுருண்டு விழுந்தபோது ஜெபதுரை மில்லில் இருந்தார். அவள் போனில் குழறியதைக் கேட்டு வின்சி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சொல்லி ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் மாடிக்கு ஏறினார்கள். மேல்வீட்டுக்காரன் ஊரில் இல்லை. பூட்டிய கதவைத் தட்டிவிட்டு இறங்கி, பக்கத்து வீட்டில் விசாரித்து, சுற்றி வந்து வாசலைக் கண்டுபிடிப்பதற்குள் கால்மணி நேரம் ஓடிவிட்டது. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். ரோசம்மாளின் இடது கையும் காலும் அத்தோடு போனதுதான். அன்றிலிருந்து ஜெபதுரைக்கு வீடு என்றால் வாசல். மற்றதெல்லாம் வாசலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற சாமான்.

படத்தில் வாசல் நடுவில் பளிச்சென்றுதான் இருந்தது. குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. படத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கட்டிலில் சாய்ந்திருந்த ரோசம்மாள் படத்தை வலது கையால் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பேச்சு கொஞ்சம் குழறும். "கதவு ஒல்லியா இருக்கே. இதுல ஸ்ட்ரெச்சர் நுழையுமா?" என்றாள்.

மூணரை அடிக் கதவு போடச் சொல்லியிருக்கிறேன், யானை நுழையும் என்று அவர் எரிந்து விழுந்தார். ஆனாலும் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஏதோ இடித்தது. பிறகுதான் சைக்கிள் கண்ணில் பட்டது. சக்கரம் வட்டமாக இல்லை. முட்டையை நட்டமாக நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. ஆயுசு முழுக்கச் சுற்றுகிற சாமானையே பார்த்த கண்ணுக்கு அது போதும்.

ரோசம்மாளின் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல் எடுத்தார். கதவின் உயரத்துக்கு நூலை வைத்து வெட்டினார். கதவு ஏழடி உயரம், மூணரை அடி அகலம். அப்படியானால் நூலை ரெண்டாக மடித்தால் அகலத்துக்குச் சரியாக நிற்கணும். மடித்து வைத்தார். நூல் கதவைத் தாண்டிப் போய் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி தாண்டியது.

"அமுக்கிட்டானுவ" என்றார். "பெரிய படத்தை எடுத்து ரெண்டு பக்கமும் புடிச்சு அமுக்கியிருக்கானுவ. பாவி."

மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே படியில் உட்கார்ந்திருந்தார். வின்சிக்கும் போன் போட்டு, லீவு போட்டுட்டு வா என்று வரவழைத்திருந்தார். இன்ஜினியரை ஆள் வைத்துத்தான் மடக்கணும் என்று நினைப்பு. அது எம்புட்டுப் பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

ராம்குமார் வந்ததும் வராததுமாகப் படத்தை மேசையில் போட்டு, நூலையும் அதன்மேல் போட்டார்.

"இன்ஜினியர், இந்த சைக்கிள ஓட்டிட்டுப் போய் ஒரு டீ வாங்கிட்டு வாங்க."

ராம்குமாருக்கு விளங்கவில்லை.

"ஏன், ஓடாதோ? சக்கரம் முட்டையாட்டம் இருக்குன்னா கதவும் முட்டைதான், ஜன்னலும் முட்டைதான். எவன் வீட்டுப் படத்தத் திருடிட்டு வந்து என் வீட்டுக்கு அமுக்குனீரு?"

அவர் சத்தத்தில் கீழே மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ஸ்வீட்லின் என்ற பெண்தான் படம் போட்டவள். அவள் முகம் வெளுத்துப்போய், இது வேறு வீட்டுப் படமில்லை, உங்கள் வீட்டுக்குப் போட்டதுதான், முதலில் இருபத்தேழு அடிக்குப் போட்டேன், பிறகு இருபத்திரண்டு அடி என்று சொன்னார்கள், அவசரம் என்றதால் அப்படியே குறுக்கிவிட்டேன் என்றாள். உயரத்தைக் குறைக்காமல் அகலத்தை மட்டும் குறுக்கியது தப்புத்தான், மன்னிச்சுக்கோங்க என்றும் சொன்னாள்.

அத்தோடு ஜெபதுரை வாயை மூடியிருக்கலாம். அவர் விடவில்லை. இருபத்தேழை இருபத்திரண்டு ஆக்கியது யார், அளவெடுக்கக்கூடத் தெரியாதவனெல்லாம் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று ஏறினார்.

ராம்குமார் அதுவரை பொறுத்திருந்தான். இப்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, அளவெடுத்தப்ப டேப்போட நுனியப் புடிச்சது யாரு?"

ஜெபதுரை மேசையில் கிடந்த நூலை எடுத்து விரலில் சுற்றினார்.

"நீங்கதான் புடிச்சீக. உங்க தம்பி வீட்டுச் சுவத்துல நுனிய வச்சு, இங்கன இருந்துதான் நம்ம இடம்னு சொன்னீக. நான் இந்தப் பக்கம் கல்லுகிட்ட நின்னு இருபத்தேழுன்னு எழுதுனேன். பொறவு உங்க மக பத்திரம் கொண்டாந்தாக. அதுல இருபத்திரண்டு. நடுவுல உள்ள அஞ்சடி பொதுச் சந்து. பெரியவராச்சேன்னு நான் வாயத் தொறக்கல."

வின்சி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"சித்தப்பாவோட சந்தயா நம்ம இடம்னு சொன்னீங்க அப்பா?" என்றாள்.

பொதுச் சந்து எப்படி உன் சித்தப்பன் சந்து ஆகும் என்று அவர் கத்தினார். தம்பி ஐயாதுரை சந்தில் கேஸ் சிலிண்டர் வைக்கலாம், வண்டி நிறுத்தலாம், ஆடு கட்டலாம், நான் கேட்டால் மட்டும் குற்றமா என்று கத்தினார். கத்தக் கத்த, தான் சொல்வது தனக்கே நல்லா இல்லை என்று தெரிந்தது. அதனால் இன்னும் உரக்கக் கத்தினார்.

ராம்குமார் ஒரு பேனாவை எடுத்துப் படத்தின் ஓரத்தில் மூணே மூணு எண் எழுதினான். போர்டிகோ தூணோடு பதினொன்று, வாசல் பகுதி ஆறு, ரூம் பத்து. ஆக இருபத்தேழு. அந்த இடத்தில் எல்லாம் சரியாக உட்கார்ந்தது. இருபத்திரண்டுக்கு வந்தால் காரும் குறுகாது, ரூமும் குறுகாது. பதினொன்றும் பத்தும் இருபத்தொன்று. வாசலுக்கு மிச்சம் ஒரே அடி.

"அப்ப வாசல் எங்க போவும்?" என்று ஜெபதுரை கேட்டார்.

"போர்டிகோவுக்குள்ள, பின்சுவத்துல. கார் நின்னா காருக்குப் பின்னாடி. வேற வழி இல்ல."

காருக்குப் பின்னாடி என்றதும் ஜெபதுரை எழுந்துவிட்டார். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். வின்சி கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினார். சிமெண்டுக் கடையில் சுண்ணாம்புத் தூள் ஒரு பொட்டலம் வாங்கினார். அஸ்திவாரம் தோண்ட மார்க்கிங் போடுகிற தூள் அது. இன்ஜினியர் எழுதின எண்ணை நம்பவில்லை. தரையில் போட்டுப் பார்க்காமல் எதையும் நம்புவதாக இல்லை.

மனை வெயிலில் காய்ந்து கிடந்தது. வலதுபக்கக் கல்லிலிருந்து டேப்பை இழுத்தார். இந்தத் தடவை நுனியைப் பிடிக்க ஆள் இல்லை, நுனிமேல் ஒரு செங்கல்லை வைத்தார். பத்தடிக்கு ரூம் என்று கோடு. அடுத்து ஒரு அடி. அதற்கப்புறம் பதினொன்று போர்டிகோ. ரெண்டு தூணுக்கும் ரெண்டு கட்டம். கார் நிற்கிற இடத்தில் நாலு செங்கல். பின்னால் சுவர் வரும் இடத்தில் வாசலுக்கு ஒரு கோடு.

தெருவைக் கடந்து எதிர்ச்சுவரில் முதுகு முட்ட நின்று பார்த்தார். தெரு அகலம் பதினஞ்சடிதான் இருக்கும். தூணும் காரும் எழும்பி நிற்பதாக மனசில் வைத்துப் பார்த்தால், வாசல் கோட்டை முதல் தூண் பாதி மறைத்தது, கார் மீதியை மறைத்தது. தெருமுனைப் பக்கம் நாலு எட்டு வைத்து நின்று பார்த்தார், ரெண்டாவது தூண் மறைத்தது. ஸ்ட்ரெச்சர் தூக்கி வாரவன் எந்தப் பக்கம் வந்தாலும் கார் பம்பரில் மோதிக்கொண்டுதான் உள்ளே போகணும்.

அப்புறம் கண் இடதுபக்கம் போனது. அந்த அஞ்சடிச் சந்து. அதைச் சேர்த்துக்கொண்டால் எல்லாம் அதனதன் இடத்தில் அம்சமாக உட்காரும். தூள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சந்து வாயில் போய் நின்றார்.

நின்ற மாத்திரத்தில் ஐயாதுரை வந்துவிட்டார். அண்ணன் வந்ததிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கணும். பதினோரு வருசமாகப் பேச்சு இல்லை அண்ணன் தம்பிக்கு. ஐயாதுரை வீடு தெருவோரம் முழுச் சுவராக எழும்பி நிற்கும். முன்ரூமைக் கடையாக்கி வாடகைக்கு விட்டதில் தெருவாசல் கடைக்குப் போய்விட்டது. அவரும் ஆவுடையம்மாளும் புழங்குகிற வாசல் சந்துக்குள்தான், பன்னிரண்டடி உள்ளே.

"போடு" என்றார் ஐயாதுரை. "கோட்டப் போடு. எம்புட்டுத் தூரம் போடுதேன்னு பாக்கேன்."

"எனக்கு இதுல பாதி இருக்குலே."

"இருக்கு. பாதிய வச்சு நடக்கலாம். சுவரு வைக்க ஏலாது. சுவரு வச்சா நான் எங்கன வழியா வீட்டுக்குப் போவேன், உன் தலமேல ஏறியா?"

"தெருவாசல கடைக்காரனுக்கு நான் விடச் சொன்னேனா?"

"உன் மக காரு நிக்கதுக்கு நான் என் வாசல அடைக்கணுமா? அவிய காருக்கு ஒரு வாசல், எனக்கு ஒரு சுவரு. நல்லாயிருக்கு நியாயம்."

சந்தின் உள்ளே ஆவுடையம்மாள் கதவைத் திறந்து பாதி உடம்பை நீட்டிப் பார்த்தாள். தெருவில் போகிறவனுக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது. ஜெபதுரைக்குமே அது இருந்தது நினைப்பில் இல்லை. கதவுக்கு முன்னால் சிலிண்டர், அதற்குமேல் குடம், பக்கத்தில் ஒரு ஆடு. இதற்கு நேர் எதிரே தன் சுவர் எழும்பினால், அந்தக் கதவைத் திறந்து வெளியே வர வழியே இருக்காது. மேல்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்ற ஆம்புலன்ஸ்காரர்களை நினைத்தார். நினைக்க வேண்டாம் என்றுதான் பார்த்தார், நினைப்பு வந்துவிட்டது.

தம்பிமேல் இரக்கமெல்லாம் இல்லை. ஐயாதுரை எப்படிப் போனாலும் அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கதவை மறைத்து இன்னொரு கதவை வைத்தேன் என்று ரோசம்மாளிடம் போய்ச் சொல்ல நாக்கு எழும்பாது. அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், படத்தை மட்டும் பார்ப்பாள்.

"ஆட்ட அந்தப் பக்கம் கட்டுலே. நாத்தம் தாங்கல" என்றார். ஐயாதுரை கட்டமுடியாது என்றார். 

ஜெபதுரை திரும்பிவந்து போர்டிகோ கோடுகளைக் காலால் அழித்தார். நாலு செங்கல்லையும் எட்டித் தள்ளினார். ரூமுக்குப் பத்து, வாசலுக்கு ஆறு, மிச்சம் ஆறடி சும்மா திறந்த முற்றம் என்று புதுசாகக் கோடு இழுத்தார். எதிர்ச்சுவரில் போய் நின்று பார்த்தார். மறைக்க ஒன்றும் இல்லை. ஐயாதுரை இடுப்பில் கை வைத்து நின்று, கோடு எதுவும் சந்துக்குள் முளைக்கிறதா என்று கடைசிவரை காவல் காத்தார்.

சனிக்கிழமை ஆபீசில் ரெண்டாவது படம் வந்தது. இந்தத் தடவை ஸ்வீட்லின் புதுசாகவே போட்டிருந்தாள், குறுக்கவில்லை. சைக்கிள் இல்லை. ஜெபதுரை நூலை எடுத்தார். கதவின் உயரத்துக்குப் பாதி அகலம், சரியாக நின்றது. அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை.

ரூம் ஜன்னல் மேல்மட்டம் கதவின் மேல்மட்டத்துக்கு அரையடி கீழே நின்றது. அதற்குப் பக்கத்தில் பாத்ரூம் ஜன்னல் என்று ஒன்று அதற்கும் மேலே ஏறி நின்றது. மூணும் மூணு உயரத்தில், பல் விழுந்த வாய் மாதிரி. கதவு, ஜன்னல் எல்லாத்துக்கும் தலைக்குமேல் போடுகிற லிண்டல் கான்கிரீட் ஒரே மட்டத்தில் ஏழடியில்தானே ஓடும், அப்புறம் இது எதுக்கு ஏறி இறங்குது என்று கேட்டார். ராம்குமார் தலையாட்டி, மூணையும் ஒரே மட்டத்துக்கு இழுக்கச் சொன்னான். ஜன்னல் அஞ்சடி அகலம் இந்த முகப்புக்கு ரொம்பப் பெருசு, கதவைவிட அதுதான் முதலில் கண்ணில் படுது, நாலுக்கு நாலரை போதும் என்று அவனாகவே குறைத்தான். அது ஜெபதுரைக்குப் பிடித்தது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

கூம்புச் சரிவு எங்கே என்று வின்சி கேட்டாள். அவள் ஒரு ஓரமாக நின்றிருந்தாள், வந்ததிலிருந்து அப்பாவிடம் பேசவில்லை, இன்ஜினியரிடம்தான் கேட்டாள். இந்த அகலத்துக்குக் கூம்பு வைத்தால் தலைப்பாகை மாதிரி முழித்துக்கொண்டு நிற்கும், கைப்பிடிச்சுவர் நேர்கோடாக ஓடட்டும் என்றான் ராம்குமார். ஆனால் அந்த நேர்கோட்டுக்கு மேலே நடுவாக ஒரு பெட்டி துருத்திக்கொண்டு நின்றது. மாடிப்படி ஏறி முடிகிற ரூம்.

"இது என்ன கொம்பு?" என்றார் ஜெபதுரை.

அது பன்னிரண்டடி பின்னால் இருக்கிறது, தெருவிலிருந்து தெரியாது, நேர்ப் படத்தில் பின்னால் உள்ளதும் முன்னால் உள்ளதும் ஒரே தாளில் விழும் என்றான். ஜெபதுரை நம்பவில்லை. உங்க பேச்சையெல்லாம் நம்பித்தான் முட்டைச் சக்கரம் கிடைத்தது என்றார். ஸ்வீட்லின் வீட்டைப் பக்கவாட்டில் வெட்டின மாதிரி ஒரு படம் போட்டு, எதிர்ச்சுவரில் நிற்கிற ஆளின் கண்ணிலிருந்து கைப்பிடிச்சுவர் உச்சிக்கு ஒரு கோடு இழுத்து, அதை அப்படியே பின்னுக்கு நீட்டினாள். கோடு அந்த ரூமுக்கு ஒரு அடி மேலேயே போய்விட்டது. அவர் ஸ்கேலை வாங்கித் தானே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்தார்.

வின்சி அப்போதுதான் அப்பாவிடம் பேசினாள். "கார எங்க நிறுத்த?"

"தெருவுல."

"மழை பெய்யும்."

"நனையட்டும். காருக்கு வாதம் வராது."

வின்சி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளுடைய செருப்புச் சத்தம் கீழ்ப்படி வரைக்கும் கேட்டது. ராம்குமார் பேனாவை நீட்டி, பார்த்து ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி என்றான். இப்படி மொட்டையாகக் கட்டினால் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரித்தான் இருக்கும், பிறகு என்னைச் சொல்லக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டான்.

"பஞ்சாயத்து ஆபீசுக்கு வாசல் எங்கன்னு எவனும் கேட்டுப் பாத்திருக்கேரா?" என்றார். "மொதல்ல நீரு போடும். இருபத்திரண்டு அடின்னு எழுத்தால எழுதிப் போடும்."

ராம்குமார் எழுதிப் போட்டான். ஜெபதுரை எழுத்தைக் கூட்டி வாசித்துப் பார்த்தார். அப்புறம் வாயில் முணுமுணுத்த மாதிரி, நுனியைப் பிடித்தது நான்தான் என்றார். அதை ராம்குமார் காதில் வாங்கினானா இல்லையா தெரியாது. அவர் மறுபடி சொல்லவில்லை.

கையெழுத்துப் போடப் போனவர் நின்றார். தாளின் இடதுபக்கம் முகப்புச் சுவர் முடிந்து வெறும் வெள்ளையாகக் கிடந்தது. நாளைக்கு எவனாவது இதை இருபத்தேழு என்று இழுத்துவிட்டால்? ஊரை நம்பாதவர் தன்னையும் நம்பத் தயாராக இல்லை. இங்கே அஞ்சடிக்கு ஒரு கோடு போடு என்று ஸ்வீட்லினிடம் சொன்னார்.

அவள் கோடு போட்டு, "ஐயாதுரை வீட்டு வழின்னு எழுதட்டுமா ஐயா?" என்று கேட்டாள்.

"அவன் பேர என் படத்துல போடாத. பொதுச் சந்துன்னு போடு, போதும்" என்று சொல்லிவிட்டு, அவள் எழுதி முடிக்கும்வரை பேனாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.